ஒரே அளவுகள், இரண்டு பி மதிப்புகள்: ஒரு மாணவர் புராஜெக்ட்டும் டி-டெஸ்ட்டும்

அக்கா மகள் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன புராஜெக்ட் செய்தார்கள். அரிசி களைந்த தண்ணீரை, அதாவது நம் வீடுகளில் சொல்லும் கழனித்தண்ணியை ஊற்றினால் பச்சைப்பயறு நாற்று சாதாரணத் தண்ணீரில் வளர்வதைவிட உயரமாக வளருமா என்பது கேள்வி. பத்து பேப்பர் கப்புக்குச் சாதாரணத் தண்ணீர், பத்துக்குக் கழனித்தண்ணி. ஒவ்வொரு கப்பிலும் மூன்று விதை. பத்தாம் நாள் ஸ்கேல் வைத்து உயரம் அளந்தார்கள். மொத்தம் 60 நாற்று.

ரிப்போர்ட் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது போன் வந்தது. "மாமா, ஒரே டேட்டாவுக்கு ரெண்டு பதில் வருது. நான் போட்டா பி மதிப்பு 0.079. என் ஃப்ரெண்ட் போட்டா 0.007. அவ கணக்குப்படி நிரூபிச்சாச்சு, என் கணக்குப்படி ஒண்ணுமே இல்ல. எதை எழுதுறது?"

இரண்டு பேரும் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் போடத்தகுந்தது ஒரு விடைதான். அது எது, ஏன் என்பதும், அந்த விடையைச் சாதாரணத் தமிழில் எப்படிப் படிப்பது என்பதும்தான் இந்தப் பதிவு. டி-டெஸ்ட்டை இதுவரை பார்த்திராதவர்களும் கூட வரலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

முதலில் எண்கள்

அவள் செய்தது இது. ஒவ்வொரு கப்பிலும் இருந்த மூன்று நாற்றின் உயரத்தையும் சராசரி எடுத்து, கப்புக்கு ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டாள். ஆக இருபது எண்கள், எல்லாம் செ.மீ. கணக்கில்:

சாதாரணத் தண்ணீர்: 12.1, 15.3, 13.4, 14.8, 11.6, 14.2, 16.0, 13.1, 14.5, 15.0

கழனித்தண்ணி: 14.9, 16.8, 13.2, 15.6, 17.1, 12.8, 15.9, 14.4, 16.5, 14.8

முதல் வரிசையின் சராசரி 14.0. இரண்டாவதின் சராசரி 15.2. கழனித்தண்ணி நாற்று 1.2 செ.மீ. உயரம். இதோடு நிறுத்திக்கொண்டு "கழனித்தண்ணி ஜெயித்தது" என்று எழுதிவிட முடியுமா?

எண்களை இன்னொரு முறை பாருங்கள். சாதாரணத் தண்ணீரில் ஒரு கப் 16.0 போயிருக்கிறது. கழனித்தண்ணியில் ஒரு கப் 12.8-லேயே நின்றுவிட்டது. ஒரே தண்ணீர் குடித்த கப்புகளுக்குள்ளேயே நான்கு செ.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கும்போது, இரண்டு சராசரிகளுக்கு நடுவே 1.2 செ.மீ. வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் அல்லவா? டி-டெஸ்ட் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்: கிடைத்த வித்தியாசம், இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது?

கையால் ஒரு முறை

ஏற்ற இறக்கத்தை முதலில் ஓர் எண்ணாக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் கப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 14.0-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து (முதல் கப் 1.9 குறைவு, இரண்டாவது 1.3 கூடுதல், இப்படி), அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 18.16 வரும். கப்புகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, 9-ஆல் வகுத்தால் 2.02. அதன் வர்க்கமூலம் 1.42. இதுதான் திட்ட விலக்கம். ஒரு கப் சராசரியிலிருந்து வழக்கமாக ஒன்றரை செ.மீ. போல அங்கே இங்கே இருக்கும் என்று இதைப் படிக்கலாம். கழனித்தண்ணிக்கும் அதே கணக்கைப் போட்டால் 1.46.

ஆனால் நாம் ஒப்பிடுவது ஒரு கப்பை இன்னொரு கப்போடு இல்லை. பத்து கப்பின் சராசரியைப் பத்து கப்பின் சராசரியோடு. சராசரி என்பது தனிக் கப்பைவிட நிதானமானது. ஒரு கப் எகிறினால் இன்னொன்று தணியும். எவ்வளவு நிதானம் என்றால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. 1.42-ஐ √10-ஆல் வகுத்தால் 0.45. இன்னொரு பக்கம் 0.46. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கு இவை இரண்டின் ஆட்டமும் சேரும். சேர்ப்பது நேரடிக் கூட்டலாக இல்லாமல் வர்க்கங்களின் கூட்டலாக இருக்கும்:

```
SE = √(2.02/10 + 2.13/10) = 0.644
t  = 1.2 / 0.644 = 1.86
```

அந்த 0.644-க்குத் திட்டப் பிழை என்று பெயர். இதே புராஜெக்ட்டை மறுபடி மறுபடி செய்தால், கிடைக்கும் வித்தியாசம் தற்செயலாலேயே எவ்வளவு ஆடும் என்பதன் அளவு அது. டி என்பது கிடைத்த வித்தியாசம் அந்த ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. அவ்வளவுதான். இங்கே 1.86 மடங்கு.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே வரி. கடைசியில் வரும் 3 முக்கியம். இரண்டு குழுக்களின் ஏற்ற இறக்கமும் சமம் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளாதே என்று அது சொல்கிறது (வெல்ச் என்பவரின் முறை). அதற்கு முன்னால் உள்ள 2, வித்தியாசம் எந்தப் பக்கம் வந்தாலும் கணக்கில் எடு என்பதற்கு.

```
=T.TEST(A2:A11, B2:B11, 2, 3)
```

விடை 0.079. அவளுக்கு வந்த பி மதிப்பு இதுதான்.

பி மதிப்பைச் சீட்டுக் குலுக்கிப் புரிந்துகொள்ளலாம்

டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயிற்று. பி? புத்தகங்களில் இதற்கு ஒரு வளைகோடும் அட்டவணையும் வரும். புரோகிராம் எழுதுகிறவனாக எனக்கு வேறு வழி சுலபமாகப் படுகிறது.

கழனித்தண்ணியால் ஒரு பாதிப்பும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 16.8 உயரம் போன கப், சாதாரணத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் 16.8 தான் போயிருக்கும். கப்பில் ஒட்டிய லேபிளுக்கு அர்த்தமே இல்லை. அப்போது இருபது எண்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பத்தைச் 'சாதாரணம்' என்றும் மீதியைக் 'கழனி' என்றும் பிரித்தாலும் நியாயம்தான். அப்படிக் குருட்டாம்போக்கில் பிரிக்கும்போது 1.2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் எத்தனை தடவை வருகிறது?

```python
import random
a = [12.1,15.3,13.4,14.8,11.6,14.2,16.0,13.1,14.5,15.0]
b = [14.9,16.8,13.2,15.6,17.1,12.8,15.9,14.4,16.5,14.8]
x = a + b
real = abs(sum(b) - sum(a)) / 10
n = 0
for i in range(10000):
    random.shuffle(x)
    d = abs(sum(x[10:]) - sum(x[:10])) / 10
    if d >= real - 1e-9:
        n += 1
print(n / 10000)
```

ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி இலக்கம் கொஞ்சம் மாறும், ஆனால் 0.08-ஐ ஒட்டியே சுற்றும். (`1e-9` என்பது தசம எண்களைக் கணினி வைத்துக்கொள்வதில் வரும் நுண்ணிய பிசிறுக்காக.) ஆக பி மதிப்பு 0.079 என்றால் இதுதான் பொருள்: தண்ணீரால் எந்த வித்தியாசமும் இல்லாத உலகத்திலும், வெறும் தற்செயலால், நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு தடவை இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ வந்துவிடும்.

இந்தச் சீட்டு விஷயம் என் கற்பனை இல்லை. டி-டெஸ்ட் பிறந்ததே ஏறத்தாழ இப்படித்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். அவருடைய பிரச்சினையும் நம் மாணவர்களுடைய பிரச்சினையும் ஒன்றுதான்: கையில் இருப்பது கொஞ்சம் அளவுகள். சூத்திரத்தைச் சரிபார்க்க அவர் 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் கொண்ட ஒரு பழைய பதிவை எடுத்தார். அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 சின்ன மாதிரிகள் உண்டாக்கினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து `random.shuffle`.

அவர் கண்டுகொண்டது: அளவுகள் கொஞ்சமாக இருக்கும்போது திட்ட விலக்கமே நம்பத்தகாத மதிப்பீடு, அதனால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எண்ணிக்கை மிக அதிகம் என்றால் டி 1.96-ஐத் தாண்டினாலே நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போய்விடும். நம் இருபது கப்புக்கு 2.10 தாண்ட வேண்டும். பக்கத்துக்கு இரண்டே கப் என்றால், குழுக்களின் ஏற்ற இறக்கம் சமம் என்று வைத்துக்கொண்டால்கூட, 4.30 தாண்ட வேண்டும்.

0.079-ஐ எப்படிப் படிக்கக் கூடாது

இரண்டு விதமாகத் தப்பாகப் படிப்பார்கள். முதலாவது: "பி 0.079, ஆக 92 விழுக்காடு கழனித்தண்ணி வேலை செய்கிறது." குலுக்கலை நினைத்துப் பாருங்கள். அங்கே நாம் எடுத்த எடுப்பிலேயே தண்ணீரால் பாதிப்பு இல்லை என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். அந்த அனுமானத்துக்குள் நின்று போட்ட கணக்கு, அனுமானம் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அவள் போனில் சொன்னது: "0.05-க்கு மேலே போயிடுச்சு, அதனால ஒண்ணுமே இல்ல." 0.05 என்ற கோட்டை ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் வந்த தன் புத்தகத்தில் வசதிக்காகச் சொன்னார். இருபதுக்கு ஒன்று என்பது நல்ல முழு எண், அவ்வளவுதான். நாற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. 0.051-க்கும் 0.049-க்கும் இயற்கையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்போது எப்படித்தான் படிப்பது? செ.மீ.க்குத் திரும்பிவிடுவதுதான் நல்ல வழி. திட்டப் பிழை 0.644. நம் கப்புகளுக்கான எல்லை 2.10. இரண்டையும் பெருக்கினால் 1.35. கிடைத்த வித்தியாசமான 1.2-லிருந்து இதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் −0.15 முதல் 2.55 வரை வருகிறது. இதற்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். இப்படி இடைவெளி போடும் முறையைக் காலம் முழுக்கப் பின்பற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மையான வித்தியாசம் அதற்குள் இருக்கும்.

சாதாரணப் பேச்சில் சொன்னால்: கழனித்தண்ணி நாற்றை இரண்டரை செ.மீ. வரை உயர்த்தியிருக்கலாம். ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். கொஞ்சூண்டு குறைத்திருக்கவும் கூடும். இந்த இருபது கப் இவற்றில் எது என்று பிரித்துச் சொல்லப் போதாது. "ஒண்ணுமே இல்ல" என்பதும் "நிரூபிச்சாச்சு" என்பதும் இரண்டுமே இந்த இடைவெளியைத் தாண்டிய பேச்சு.

அப்படியானால் 0.007 எங்கிருந்து வந்தது?

இனிமேல்தான் விஷயம். அவள் தோழி சராசரி எடுக்கவில்லை. 60 நாற்றின் உயரத்தையும் அப்படியே இரண்டு பத்தியாக, பக்கத்துக்கு 30 வரிசையாகப் போட்டு, அதே `T.TEST` கொடுத்தாள். சராசரி வித்தியாசம் மாறவில்லை, அதே 1.2. ஆனால் திட்டப் பிழையில் 10-க்குப் பதில் 30 போய் உட்கார்ந்தது. 0.644 இருந்த இடத்தில் 0.43 வந்தது. டி 2.80 ஆயிற்று, பி 0.007-க்கு இறங்கிற்று. நம்பிக்கை இடைவெளியும் 0.34 முதல் 2.06 வரை என்று சுருங்கி, சுழியத்தை அழகாகத் தாண்டிவிட்டது.

தோழியின் வாதம் கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். "நாங்க அளந்தது அறுபது. ஏன் இருபதுன்னு குறைக்கணும்?"

டி-டெஸ்ட்டின் சூத்திரம் ஒரு விஷயத்தைக் கேட்காமலே நம்பிவிடுகிறது. ஒவ்வொரு அளவும் மற்றதைச் சாராமல் தனியாக வந்தது என்பதே அது. வர்க்கமூலத்தால் வகுத்தோமே, ஒன்று எகிறினால் இன்னொன்று தணியும் என்று, அந்த நியாயம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஒரே கப்பில் இருக்கும் மூன்று நாற்றுக்கு அது பொருந்துமா? ஒரே மண், ஒரே ஈரம், ஜன்னலிலிருந்து ஒரே தூரம், ஊற்றுகிற கை ஒரு நாள் தாராளமாக ஊற்றினால் மூன்றுக்கும் சேர்த்துத் தாராளம். கப்பில் மண் இறுகிப்போனால் மூன்றும் சேர்ந்து குள்ளமாகும். மூன்றும் தனித்தனி சாட்சி இல்லை. ஒரே வீட்டில் மூன்று பேரைக் கேட்டுவிட்டு மூன்று வீட்டில் விசாரித்ததாகச் சொல்வது போல.

இது வெறும் சந்தேகமா, உண்மையிலேயே அப்படித்தானா என்று அவர்கள் எண்களிலேயே சோதிக்கலாம். ஒரு கப்புக்குள் மூன்று நாற்றும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று இருபது கப்பிலும் பார்த்ததில் திட்ட விலக்கம் சுமார் 1.1 செ.மீ. மூன்றும் உண்மையிலேயே தனித்தனி என்றால், மூன்றின் சராசரி 1.1-ஐ √3-ஆல் வகுத்த அளவுதான் ஆட வேண்டும், அதாவது 0.64. ஆனால் கப் சராசரிகள் உண்மையில் ஆடுவது எவ்வளவு? மேலே கண்டுபிடித்தோம்: 1.42, 1.46. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த அதிகப்படி ஆட்டம் கப்புக்கும் கப்புக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து வருகிறது. ஒரு கப்பில் மூன்று விதைக்குப் பதில் முப்பது விதை போட்டாலும் அது குறையாது. கப்பைக் கூட்டினால்தான் குறையும்.

அதனால் எண்ணிக்கை எது என்பதற்கு ஒரு நேர்மையான சோதனைக் கேள்வி உண்டு: எதற்குத் தனித்தனியாகத் தண்ணீர் ஒதுக்கினீர்கள்? "இந்தக் கப்புக்குச் சாதாரணம், அந்தக் கப்புக்குக் கழனி" என்று ஒதுக்கியது கப்புக்கு. ஆகவே எண்ணிக்கை பக்கத்துக்குப் பத்து. ரிப்போர்ட்டில் போக வேண்டியது 0.079.

தோழி செய்ததற்கு ஆராய்ச்சி உலகில் ஒரு பெயரே உண்டு. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் எழுதிய கட்டுரையில் இதைப் போலி மறுசெய்கை என்ற பொருளில் 'சூடோ-ரெப்ளிகேஷன்' என்றார். அவர் குறை சொன்னது மாணவர்களை இல்லை. அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை. ஆகவே கல்லூரிப் பெண் ஒருத்தி இதில் சறுக்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மென்பொருள் தடுக்கவும் தடுக்காது. 30 வரிசை கொடுத்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாற்று எந்தக் கப்பில் இருந்தது என்று அந்தச் சூத்திரத்துக்குச் சொல்ல இடமே கிடையாது.

இதைவிட மோசமான வடிவம் பள்ளி புராஜெக்ட்டுகளில் நிறையப் பார்க்கலாம். ஒரு பெரிய தொட்டியில் முப்பது செடிக்கு ஓர் உரம், இன்னொரு தொட்டியில் முப்பது செடிக்கு உரமில்லை. பி மதிப்பு 0.0001 என்றுகூட வரும். ஆனால் உண்மையில் பக்கத்துக்கு ஒரு தொட்டிதான். கிடைத்த வித்தியாசம் உரத்தாலா, தொட்டியாலா என்று எந்த டெஸ்ட்டாலும் பிரிக்க முடியாது. இவர்கள் இருபது கப் வைத்ததே நல்ல காரியம். கப்புகளை ஜன்னலோரம் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள், அதுவும் நல்லது. கழனி கப்பெல்லாம் வெயில் பக்கம் இருந்திருந்தால், டி-டெஸ்ட் வெயிலையும் சேர்த்துக் கழனித்தண்ணி கணக்கில் எழுதியிருக்கும்.

"அப்ப மூணு விதை போட்டது வேஸ்ட்டா மாமா?" என்று கேட்டாள். இல்லை. ஒரு விதை மட்டும் போட்டிருந்தால் கப்பின் எண் இன்னும் அதிகமாக ஆடியிருக்கும். அவர்கள் எண்களை வைத்துப் போட்டால் திட்ட விலக்கம் 1.44-க்குப் பதில் 1.7 பக்கம் போயிருக்கும். மூன்று விதையின் பலன் ஒவ்வொரு கப்பின் எண்ணும் தெளிவானது. அந்தப் பலன் 1.42, 1.46 என்ற எண்களுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. 30 என்று எழுதினால் அதையே இன்னொரு முறை எண்ணுவதாகிவிடும்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

தோழிக்கு ஒரு கவலை இருந்தது. 0.079 என்று எழுதினால் புராஜெக்ட் தோற்றுப்போனதாக மார்க் குறையுமோ என்று. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வைவாவில் யாராவது "ஒரே கப்பில் மூன்று நாற்று இருந்ததே, அதை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் 0.007-க்குப் பதில் இல்லை. 0.079-க்கு இருக்கிறது. கடைசியில் நால்வரும் சேர்ந்து எழுதிய முடிவுப் பத்தி இது:

"பத்தாம் நாளில் கழனித்தண்ணி பெற்ற கப்புகளின் சராசரி உயரம் 15.2 செ.மீ. (திட்ட விலக்கம் 1.46, 10 கப்). சாதாரணத் தண்ணீர் பெற்றவை 14.0 செ.மீ. (திட்ட விலக்கம் 1.42, 10 கப்). ஒவ்வொரு கப்பின் மதிப்பும் அதிலுள்ள மூன்று நாற்றுகளின் சராசரி. வித்தியாசம் 1.2 செ.மீ.; 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.15 முதல் 2.55 வரை (வெல்ச் டி-டெஸ்ட், டி = 1.86, பி = 0.079). கழனித்தண்ணியால் உயரம் கூடியிருக்கலாம் என்பதற்கு இந்தத் தரவு ஓரளவு இடம் தருகிறது. ஆனால் பாதிப்பே இல்லை என்பதையும் இது விலக்கவில்லை."

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் உயரங்கள், அப்புறம் வித்தியாசம், அப்புறம் அதன் இடைவெளி. பி மதிப்பு கடைசியில், அடைப்புக்குள். படிக்கிறவருக்கு வேண்டியது செ.மீ. தான்.

அடுத்த முறை செய்வதானால் எத்தனை கப் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை, பிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து 16-ஆல் பெருக்க வேண்டும்:

```
16 × 2.07 / (1.2 × 1.2) = 23
```

உண்மையான வித்தியாசம் 1.2 செ.மீ. தான் என்றால், பக்கத்துக்கு 23 கப் வைத்தால் ஐந்து தடவைக்கு நான்கு தடவை பி 0.05-க்குக் கீழே வரும். வித்தியாசம் பாதிதான், அதாவது 0.6 செ.மீ. என்றால், நான்கு மடங்கு, 92 கப் வேண்டும். பத்து கப்பில் தெளிவான பதில் வராததில் ஆச்சரியம் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இருக்கிற இருபதோடு இன்னும் நான்கைந்து கப் வைத்து, பி இறங்கிற்றா என்று பார்த்து, இறங்காவிட்டால் மேலும் நான்கைந்து என்று போகக் கூடாது. அப்படி ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தால், கழனித்தண்ணியால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் பி மதிப்பு கோட்டுக்குக் கீழே வரும். வந்த அன்றைக்கு நிறுத்திவிடுவோம். எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்து எழுதிவைத்துவிட்டு, 46 கப்பையும் புதிதாகத் தொடங்கி, கடைசியில் ஒரே ஒரு முறை கணக்குப் போடுவதுதான் முறை. அடுத்த செமஸ்டரில் அதைச் செய்யப் போகிறார்களாம். இந்தத் தடவை கப்புக்கு இரண்டு விதை போதும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.